ஆண்டு விழா வீடியோ: தலைமையாசிரியரிடம் எழுதிக் கேட்பது எப்படி?

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் ஓர் உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் என் மகள் ஐந்தாவது படிக்கிறாள். அடுத்த மாதம் ஆண்டு விழா. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் வெளிநாட்டில்தான். கல்யாண வீடியோ எடுக்கும் என் தம்பி, காசு வேண்டாம், நானே எடுத்துத் தருகிறேன் என்கிறான். விழா முழுவதையும் எடுத்து எல்லாப் பெற்றோருக்கும் கொடுக்க ஆசை. போன வருடம் ஹெச்.எம். சாரிடம் நேரில் கேட்டதற்கு "பார்க்கலாம்மா" என்றார், அதோடு சரி. இந்த முறை கடிதமாகக் கொடு என்கிறார்கள். எப்படி எழுதுவது?

பதில்:

அந்தப் "பார்க்கலாம்மா"வை நானும் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் வட்டாரத்திலேயே உதவிபெறும் பள்ளி ஒன்றில் வேலை பார்த்து, கடைசி ஏழு வருடம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வாயால் கேட்டவருக்கு வாயால் சரி சொல்லிவிட்டால், பின்னால் ஏதாவது ஆகும்போது "யார் அனுமதி கொடுத்தது?" என்ற கேள்வி தலைமையாசிரியர் ஒருவர் தலையில்தான் விழும். கையில் காட்ட ஒரு காகிதம் இருக்காது. அதனால் மறுக்காமலும் ஒப்புக்கொள்ளாமலும் தள்ளிவிடுவது எங்கள் வழக்கம்.

கடிதம் எழுதுமுன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் தம்பி கேமராவை வைத்துக்கொண்டு நிற்பது தலைமையாசிரியருக்குப் பெரிய கவலையே இல்லை. விழா அன்று எப்படியும் நூறு கைபேசிகள் தூக்கிப் பிடிக்கப்படும். எடுத்த படம் அடுத்த நாள் எங்கே போகும் என்பதுதான் அவர் கவலை. என்னிடம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விழாவின் அருமை பெருமைகளைப் பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் "ஒளிப்பதிவு செய்து பகிர அனுமதி வேண்டும்" என்று முடிந்துவிடும். யாருக்கு, எதன் வழியாக, எத்தனை நாள் என்று ஒரு சொல்கூட இருக்காது. என்னைப் படுத்தியதெல்லாம் அந்தப் "பகிர" என்ற சொல்தான்.

ஒரு வருடம் எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். பெற்றோர் ஒருவர் அதை எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தார். தன் மகள் ஆடியதை வைத்தார், அதில் அவர் மேல் தப்பில்லை. ஆனால் ஆடிய எட்டுப் பேரும் அதில் இருந்தார்கள். ஸ்டேட்டஸைப் பார்த்த யாரோ அதைச் சேமித்து, முப்பது விநாடி அளவுக்கு வெட்டி, வேறு பாட்டைப் போட்டு இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிட்டார்கள். கீழே வந்த கருத்துகளை நான் இங்கே எழுத மாட்டேன். வரிசையில் மூன்றாவதாக ஆடிய பிள்ளையின் அப்பா மலேசியாவில் அதைப் பார்த்துவிட்டு இரவு பதினோரு மணிக்கு எனக்கு போன் செய்தார். யார் ஏற்றியது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்து அது இறங்கும்வரை பல நாள் ஆனது. அந்தப் பிள்ளை அடுத்த வருடம் மேடை ஏறவில்லை. அதற்குப் பிறகு வீடியோ அனுமதி என்று யார் வந்தாலும் எனக்கு அந்த போன்தான் ஞாபகம் வரும். உங்கள் ஹெச்.எம்.முக்கும் அவர் பங்குக்கு ஏதாவது ஒரு போன் வந்திருக்கும்.

ஆகவே கடிதத்துக்கு உட்காருமுன் தம்பியோடு பேசி ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள்: பெற்றோருக்கு எப்படிக் கொடுப்பது?

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது யூடியூப். Unlisted என்று வைத்தால் இணைப்பு வைத்திருப்பவர் மட்டும்தானே பார்க்க முடியும் என்பார்கள். உண்மைதான், ஆனால் இணைப்பை யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், அதைத் தடுக்க வழியில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் பாட்டு. நம் ஆண்டு விழாவில் பத்து நிகழ்ச்சியில் ஏழு சினிமாப் பாட்டுதான். பள்ளி விழாவில் ஆசிரியர், மாணவர், பெற்றோர் கூடியிருக்கும் இடத்தில் அந்தப் பாட்டைப் போட்டு ஆடுவதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்குக் கொடுக்கிறது. அந்த விலக்கு விழாப் பந்தலோடு முடிகிறது, இணையத்தில் ஏற்றுவதற்கு அது துணைக்கு வராது. யூடியூப்பில் ஏற்றிய சில நிமிடத்திலேயே அதன் இயந்திரம் பாட்டை அடையாளம் கண்டுவிடும். Unlisted என்று வைத்தாலும் கண்டுவிடும். பாட்டின் உரிமை யாரிடமோ, அவர் வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பொறுத்து வீடியோவில் விளம்பரம் ஓடலாம், வீடியோவே முடங்கலாம், சில நாடுகளில் மட்டும் திறக்காமலும் போகலாம். சிங்கப்பூரில் இருப்பவருக்காக எடுத்த வீடியோ சிங்கப்பூரில் மட்டும் திறக்கவில்லை என்றால் எப்படி இருக்கும்!

அடுத்தது வாட்ஸப் குழு. அதில் போட்ட எதையும் திரும்ப வாங்க முடியாது. "டெலீட் ஃபார் எவ்ரிஒன்" அழுத்துவதற்குள் யாராவது ஃபார்வர்டு செய்திருப்பார்கள். முழு நீள வீடியோ அதில் ஒழுங்காகப் போகவும் போகாது, சுருங்கிப்போய் முகமே தெரியாது.

எனக்குச் சரிப்பட்டு வந்த ஏற்பாடு, உள்ளூர்க்காரர்களுக்குப் பென் டிரைவ், வெளிநாட்டுக்காரர்களுக்குக் கூகுள் டிரைவ். டிரைவில் கோப்பைப் பகிரும்போது "Anyone with the link" என்று வைக்காமல் Restricted என்று வைத்து, ஒவ்வொரு பெற்றோரின் மின்னஞ்சல் முகவரியையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். அப்போது இணைப்பு வெளியே போனாலும் மற்றவருக்குத் திறக்காது. பதிவிறக்கத்தையும் அதிலேயே நிறுத்திவைக்கலாம். திரையையே இன்னொரு போனால் படம் எடுப்பவரைத் தடுக்க முடியாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். கணக்குப் பள்ளியின் பெயரில் இருக்கட்டும். உங்கள் கணக்கிலோ தம்பி கணக்கிலோ இருந்தால், நாளைக்கு ஒரு பெற்றோர் "என் பிள்ளை இருப்பதை எடுத்துவிடுங்கள்" என்று பள்ளிக்கு வரும்போது தலைமையாசிரியர் உங்களைத் தேடி அலைய வேண்டும்.

அளவையும் தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேர விழாவைச் சாதாரண ஃபுல் ஹெச்டியில் எடுத்தால், நிமிடத்துக்கு 125 எம்பி என்று வைத்தாலும் 18, 19 ஜிபி வந்துவிடும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதுவும் மின்னஞ்சலுக்கும் சேர்த்து. அதனால் 720பி அளவுக்குச் சுருக்கச் சொல்லுங்கள். மூன்று ஜிபிக்குள் அடங்கும், கைபேசியில் பார்க்க அதுவே தாராளம். ஒரே கோப்பாக வைக்காமல் நிகழ்ச்சிக்கு ஒன்றாக வெட்டச் சொல்லுங்கள். ஒரு நிகழ்ச்சியைக் கொடுக்கக் கூடாது என்றால் அந்தக் கோப்பை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

கொடுக்கக் கூடாத நிகழ்ச்சி என்று இருக்குமா என்று கேட்பீர்கள். இருக்கும். ஒவ்வொரு பள்ளியிலும் முகம் வெளியே தெரியக் கூடாத ஒன்றிரண்டு பிள்ளைகள் இருப்பார்கள், அது தலைமையாசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் மட்டும்தான் தெரியும். அப்பா அம்மா பிரிந்து வழக்கு நடக்கிற வீட்டுப் பிள்ளை. எந்த ஊரில் படிக்கிறாள் என்று ஒரு தரப்புக்குத் தெரியக் கூடாது என்று அம்மா வந்து அழுதிருப்பார். இல்லத்தில் தங்கிப் படிக்கிற பிள்ளை. ஏதோ ஒரு வழக்கில் பாதிக்கப்பட்டவளாகவோ சாட்சியாகவோ இருக்கிற பிள்ளை. இவர்களில் கடைசி இரண்டு வகைப் பிள்ளைகளின் பெயர், பள்ளி, படம் எதையும் அடையாளம் தெரியும்படி வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. தலைமையாசிரியர் இதை உங்களிடம் சொல்ல முடியாது, சொன்னாலே அது தப்பு. "சில பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால்தான்" என்று அவர் இழுத்தால், யார் என்று கேட்காதீர்கள். கேட்க மாட்டோம் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டால் அவருக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

மீதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் சம்மதம் போதும், ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் சம்பந்தப்பட்ட தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. உங்கள் மகளை உங்கள் வீட்டுக்காக நீங்கள் படம் எடுப்பது அதில் வராது. பள்ளி அனுமதித்து, பள்ளி வழியாக இருநூறு வீட்டுக்குப் போகிற வீடியோ வேறு கணக்கு. ஆனால் ஒன்று, கடிதத்தில் சட்டத்தின் பெயரையோ பிரிவையோ எழுதாதீர்கள். சட்டம் என்ற சொல்லைப் பார்த்ததும் கடிதம் பள்ளிச் செயலருக்குப் போகும், செயலர் வக்கீலைக் கேட்பார், அதற்குள் விழா முடிந்து பந்தலைப் பிரித்துவிடுவார்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

அனுப்புநர்
(உங்கள் பெயர்),
(மகள் பெயர்), 5ஆம் வகுப்பு மாணவியின் தாய்,
(கதவு எண், தெரு, ஊர்),
சிவகங்கை மாவட்டம்.
கைபேசி: ............

பெறுநர்
தலைமையாசிரியர் அவர்கள்,
(பள்ளியின் பெயர்),
(ஊர்).

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: பள்ளி ஆண்டு விழாவை ஒளிப்பதிவு செய்து, நம் பள்ளிப் பெற்றோருக்கு மட்டும் வழங்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். வரும் ......ஆம் தேதி மாலை நடைபெறும் ஆண்டு விழாவில் என் மகளும் பங்கேற்கிறாள். நம் பள்ளிப் பிள்ளைகள் பலரின் தந்தையர் வெளிநாட்டில் வேலை பார்ப்பதால் நேரில் வர இயலாது. அவர்களும் காண்பதற்காக விழாவை ஒளிப்பதிவு செய்ய அனுமதி வேண்டுகிறேன்.

என் தம்பி திரு. ............ (ஊர், கைபேசி எண்) கட்டணமின்றி ஒளிப்பதிவு செய்வார். அவர் ஒருவர் மட்டும், ஒரே கேமராவுடன், தாங்கள் காட்டும் இடத்தில் நின்று மேடை நிகழ்ச்சிகளை மட்டும் எடுப்பார். ஒப்பனை அறைக்கும் மேடையின் பின்புறத்துக்கும் செல்ல மாட்டார்.

ஒவ்வொரு பெற்றோரின் சம்மதத்தையும் பெறுவதற்கான சீட்டின் மாதிரியை இணைத்துள்ளேன். அச்சிடும் செலவை நானே ஏற்கிறேன். எடுக்க வேண்டாம் என்று தாங்கள் சொல்லும் நிகழ்ச்சிகளை எடுக்க மாட்டோம். காரணமும் கேட்க மாட்டோம்.

பதிவை விழா முடிந்த பத்து நாட்களுக்குள் முதலில் தங்களிடம் ஒப்படைப்போம். தாங்கள் பார்த்து, நீக்கச் சொல்லும் பகுதிகளை நீக்கிய பின்னரே பெற்றோருக்கு வழங்கப்படும். உள்ளூரில் உள்ளோருக்குப் பென் டிரைவிலும், வெளிநாட்டில் உள்ளோருக்குப் பள்ளியின் கூகுள் டிரைவ் கணக்கில் பெற்றோரின் மின்னஞ்சலுக்கு மட்டும் திறக்கும்படியும் வழங்கலாம் எனக் கருதுகிறேன். யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் எதிலும் நாங்கள் வெளியிட மாட்டோம். என் தம்பி தம் தொழில் விளம்பரத்துக்கும் இதைப் பயன்படுத்த மாட்டார். அவரிடம் உள்ள மூலப் பதிவு ......ஆம் தேதிக்குள் அழிக்கப்படும். அழித்ததைத் தங்களுக்கு எழுத்தில் தெரிவிப்பேன்.

இந்த நிபந்தனைகளுடனோ தாங்கள் விதிக்கும் வேறு நிபந்தனைகளுடனோ அனுமதி வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இடம்:
நாள்:

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(உங்கள் கையொப்பம்)

மேற்கண்ட நிபந்தனைகளை ஏற்கிறேன்.
(ஒளிப்பதிவாளர் கையொப்பம்)

இணைப்பு: சம்மதச் சீட்டு மாதிரி – 1

இதில் சில வரிகள் ஏன் இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் டிடிபி கடையில் தட்டும்போது "இது எதற்கு நீளமாக" என்று வெட்டிவிடுவார்கள்.

பொருள் வரியில் "பெற்றோருக்கு மட்டும்" என்பது கட்டாயம் வேண்டும். தலைமையாசிரியர் பொருளைத்தான் முதலில் படிப்பார், செயலரிடம் போனில் சொல்லும்போதும் அதைத்தான் படித்துக் காட்டுவார். அந்த "மட்டும்" அவர் காதில் விழ வேண்டும்.

தம்பியின் தொழில் விளம்பரம் பற்றிய வரியை விடாதீர்கள். கல்யாண வீடியோக்காரர் காசு வாங்காமல் எடுக்கிறார் என்றால், தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளத்தான் எடுக்கிறார் என்று யாருக்கும் தோன்றும். தம்பிக்கு உண்மையிலேயே அந்த எண்ணம் இருந்தால் இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அவர் கையெழுத்தையும் சேர்த்திருப்பது அதற்காகத்தான். அக்கா கொடுத்த வாக்குத் தம்பியைக் கட்டாது, அவர் கையெழுத்துப் போட்டால் கட்டும்.

"வாட்ஸப் எதிலும் நாங்கள் வெளியிட மாட்டோம்" என்பதில் அந்த "நாங்கள்" இல்லாவிட்டால், மற்ற பெற்றோர் செய்வதற்கும் நீங்கள் பொறுப்பேற்றதாகிவிடும். உங்களால் முடியாததை எழுதிக் கொடுக்காதீர்கள்.

"பார்த்து, நீக்கச் சொல்லும் பகுதிகளை நீக்கிய பின்னரே" என்ற வரியைப் படித்ததும்தான் நானாக இருந்தால் பேனாவை எடுப்பேன். அனுமதி கொடுத்த பிறகும் கடிவாளம் தன் கையில் இருக்கிறது என்று தெரிகிறதே. நடைமுறையில் எந்தத் தலைமையாசிரியரும் இரண்டரை மணி நேர வீடியோவை உட்கார்ந்து பார்க்க மாட்டார். நடனம் சொல்லிக்கொடுத்த டீச்சரிடம் கொடுத்துவிடுவார், அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு "சரிதான் சார்" என்பார்.

இனிச் சம்மதச் சீட்டு. இதில் நானே ஒரு தடவை சறுக்கினேன். "சம்மதம் / சம்மதம் இல்லை – ஒன்றை அடிக்கவும்" என்று அச்சடித்துக் கொடுத்தேன். திரும்பி வந்த சீட்டுகளைப் பார்த்தால் தலை சுற்றியது. சிலர் வேண்டியதை டிக் அடித்திருந்தார்கள். சிலர் வேண்டாததைக் குறுக்கே அடித்திருந்தார்கள். ஒரு அப்பத்தா இரண்டின் மேலும் கோடு போட்டுவிட்டுக் கைநாட்டு வைத்திருந்தார். யாருக்குச் சம்மதம், யாருக்கு இல்லை என்று வகுப்பாசிரியர்கள் ஒவ்வொரு வீடாக போன் போட வேண்டியதாயிற்று. அதனால் ஒரு கோடு விட்டு, கையால் எழுதச் சொல்லுங்கள்:

என் மகன்/மகள் ............ (......ஆம் வகுப்பு) பங்கேற்கும் ஆண்டு விழா நிகழ்ச்சியை ஒளிப்பதிவு செய்து, இப்பள்ளிப் பெற்றோருக்கு மட்டும் வழங்குவது குறித்து என் முடிவு ('சம்மதம்' அல்லது 'வேண்டாம்' என்று எழுதவும்): ............
இந்தப் பதிவை நான் சமூக வலைத்தளங்களிலோ ஸ்டேட்டஸிலோ வெளியிட மாட்டேன்.
பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம், நாள்:

சீட்டுப் பள்ளியின் பெயரில் போக வேண்டும், வகுப்பாசிரியரிடம்தான் திரும்ப வேண்டும். உங்கள் கைக்கு வரவே கூடாது. யார் "வேண்டாம்" என்று எழுதினார்கள் என்பது ஊருக்குள் பேச்சாகிவிடும், நம் ஊர்ப் பக்கம் பேச்சுக்குக் கேட்கவா வேண்டும். சீட்டுத் திரும்பி வரவில்லை என்றால் அதை "வேண்டாம்" என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை பையிலேயே கசங்கிக் கிடக்கிற சீட்டைச் சம்மதமாக்கிவிட முடியாது. இரண்டு நாள் கழித்து வகுப்பாசிரியர் ஒரு தடவை நினைவுபடுத்தினால் மிச்சம் வந்து சேரும்.

ஒரு குழு நடனத்தில் ஒரே ஒரு பிள்ளைக்கு "வேண்டாம்" என்று வந்தால்? அந்தப் பிள்ளையை நடனத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை ஆடட்டும், அந்த நிகழ்ச்சியை வீடியோவில் விட்டுவிடுவோம். நாங்கள் செய்தது இப்படி: விழா அன்று காலையில் நிகழ்ச்சி நிரல் தாளில் 4, 11 என்ற இரண்டு எண்களைச் சுற்றி வட்டம் போட்டு வீடியோக்காரரிடம் கொடுத்தேன். பெயர் இல்லை, வகுப்பு இல்லை, காரணம் இல்லை. அந்த இரண்டு எண் வந்தபோது அவர் கேமராவை நிறுத்திவிட்டுப் போய் டீ குடித்தார். எனக்குத் தெரிந்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

உங்கள் மகள் ஆடும் நிகழ்ச்சியே அப்படி வட்டத்துக்குள் வந்துவிட்டால் மனம் சங்கடப்படும்தான். அதற்கும் தயாராக இருங்கள். வீட்டுக்காரருக்காக உங்கள் கைபேசியில் மகளை மட்டும் கிட்டத்தில் வைத்து எடுத்து அவருக்கு மட்டும் அனுப்பிவிடலாம்.

கடிதத்தை விழாவுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் கொடுங்கள். உங்களுடையது உதவிபெறும் பள்ளி, தலைமையாசிரியருக்கு மேலே செயலர் இருக்கிறார். நம் பக்கத்துப் பழைய பள்ளிகளில் பல, நகரத்தார் குடும்பங்கள் தொடங்கியவை. செயலர் சென்னையில் இருந்துகொண்டு விழாவுக்கும் திருவிழாவுக்கும்தான் ஊர்ப்பக்கம் வருவார். தலைமையாசிரியர் அவரைக் கேட்டுப் பதில் வாங்கவே ஒரு வாரம் ஓடிவிடும், சீட்டு போய் வர இன்னொரு வாரம். செயலரை உங்களுக்கு நேரடியாகத் தெரிந்திருந்தாலும் அவருக்கு முதலில் எழுதாதீர்கள். தன்னைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்ற எண்ணம் ஹெச்.எம்.முக்கு வந்துவிட்டால், செயலர் சரி சொன்னாலும் விழா அன்று உங்கள் தம்பிக்குக் கிடைக்கும் இடம் தூணுக்குப் பின்னால்தான்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் அலுவலகத்தில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். காலை வழிபாட்டு நேரத்திலோ மதிய உணவு நேரத்திலோ போக வேண்டாம், மூன்றரை மணிக்கு மேல் போனால் நிதானமாகப் பேசலாம். தனியாகப் போகாமல் வெளிநாட்டில் கணவர் இருக்கும் இன்னும் இரண்டு தாய்மாரைக் கூட்டிப் போங்கள், ஒரு வீட்டு ஆசை இல்லை என்று அவருக்கும் தெரியும். அனுமதி தந்தால் பெரும்பாலும் உங்கள் கடிதத்தின் ஓரத்திலேயே "நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதிக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருவார். அது போதும், தனி ஆணை கேட்டு நச்சரிக்க வேண்டாம். அந்தத் தாளைத் தம்பி விழா அன்று சட்டைப்பையில் வைத்திருக்கட்டும். வாசலில் நிற்கும் ஆசிரியருக்கு விஷயம் தெரியாமல் இருக்கலாம்.

எல்லாம் சொல்லியும் அவர் முடியாது என்றால் சுருக்கிக் கேளுங்கள். முழு விழா வேண்டாம், வரவேற்புரை, ஆண்டறிக்கை, பரிசளிப்பு மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கலாம். அதில் ஆட்டமும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை, அவருக்கும் பயம் குறைவு. அதுவும் இல்லையென்றால் மகள் மேடையில் நிற்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போடலாமா என்று கேளுங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே ஆறரைக்கு அவள் மேடை ஏறினால் அங்கே ஒன்பது மணி, வேலை முடித்து அறைக்கு வந்திருப்பார். துபாய்க்காரர்கள் பாடுதான் திண்டாட்டம், அங்கே அப்போது ஐந்து மணிதான். நிகழ்ச்சி நிரலில் அவள் வகுப்புக்கு எந்த நேரம் என்று டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தோடு இன்னும் முக்கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். சிறப்பு விருந்தினர் பேசி முடிக்க வேண்டுமே!

அனுமதி கிடைத்து எல்லாம் நல்லபடியாக முடிந்தால், பதிவை அழிப்பதாக எழுதிய தேதி ஒன்று பாக்கி இருக்கும். அதை இரண்டு மாதம் தள்ளி வைத்திருங்கள், பென் டிரைவ் தொலைந்தது, கோப்புத் திறக்கவில்லை என்று அதற்குள் நாலு பேர் வருவார்கள். அந்தத் தேதியில் தம்பி கணினியிலும் மெமரி கார்டிலும் உள்ளதை உங்கள் கண்முன் அழிக்கட்டும். அப்புறம் "தங்கள் அனுமதியின்படி எடுத்த பதிவின் மூலப் பிரதி இன்று அழிக்கப்பட்டது" என்று இரண்டே வரியில் எழுதி ஹெச்.எம்.மிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் இருந்த ஏழு வருடத்தில் அப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தவர் ஒரே ஒருவர்தான். அடுத்த வருடம் அவர் கேட்க வருமுன்னே, "என்னப்பா, இந்த வருஷமும் எடுக்கிறாயா?" என்று நானே கேட்டேன்.